ஒரு நாளைக்கு எத்தனை தரம் பொய்யாக அடிக்கும்?

திருகோணமலைக்கு வந்து போனவர்களுக்கு எங்கள் ஊர்ப் புள்ளிமான்களைத் தெரிந்திருக்கும். பிரெட்றிக் கோட்டைக்குள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், கோட்டை வாசலுக்கு வெளியே கடைகளுக்குப் பக்கத்திலும் அவை ஆடு மாடு போலத் திரியும். பார்க்க அழகு. ஆனால் அவை குப்பையில் வாய் வைக்கின்றன. சோறும் கறியும் ஒட்டிய லஞ்ச் ஷீட்டையும் பொலித்தீன் பையையும் சேர்த்தே விழுங்கிவிடுகின்றன. பொலித்தீன் செரிக்காது. இரைப்பையில் திரண்டு கிடக்கும். அப்படிச் செத்த மான்களைப் பற்றி ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

இதற்காகத்தான் நானும் சில நண்பர்களும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கமரா ஒன்றைப் பொருத்தினோம். குப்பைத் தொட்டிக்கு அருகே மான் வந்தால், படத்தில் அதைச் சுற்றிப் பெட்டி போட்டு அடையாளம் காணும் ஒரு மொடல், கடையில் நிற்பவரின் போனுக்கு மணி அடிக்கும். அவர் போய் மானை விலத்திவிட்டு மூடியைச் சாத்துவார். மான், மாடு, நாய் என்று மூன்று வகையை மொடலுக்குப் பழக்கியிருந்தோம். பழக்கி முடித்ததும் கடைக்கார அண்ணரிடம் முடிவுகளைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, இது ஒரு நாளைக்கு எத்தனை தரம் பொய்யா அடிக்கும்?”

என் கையில் இருந்த அட்டவணையில் பிரிசிஷன் இருந்தது, ரீகால் இருந்தது, எம்ஏபி இருந்தது. அவருடைய கேள்விக்கான விடை மட்டும் அதில் எங்கும் இல்லை. அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை, அவற்றிலிருந்து அண்ணருக்கு வேண்டிய விடைக்கு எப்படிப் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொருள்களை அடையாளம் காணும் மொடல் ஒன்றைப் பழக்கிவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் எவருக்கும் இது பயன்படும்.

பெட்டி சரியா, பிழையா

மொடல் ஒரு படத்தைப் பார்த்துப் பல பெட்டிகளைத் தரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வகைப்பெயரும், 0க்கும் 1க்கும் இடையில் ஒரு கொன்ஃபிடென்ஸ் ஸ்கோரும் இருக்கும். அதே படத்தில் நாம் கையால் வரைந்து வைத்த உண்மைப் பெட்டிகளும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, மொடலின் பெட்டி ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். மற்ற எல்லா எண்களும் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கின்றன.

தீர்ப்புச் சொல்ல ஐஓயு என்ற அளவு உதவுகிறது. இரண்டு பெட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் அது கிடைக்கும். 100 பிக்சல் அகலமும் 80 பிக்சல் உயரமும் உள்ள மான் ஒன்றை எடுங்கள். மொடல் அதே அளவுப் பெட்டியை 10 பிக்சல் தள்ளிப் போட்டுவிட்டது. படியும் பரப்பு 90 × 80, அதாவது 7200. மொத்தப் பரப்பு 8800. ஐஓயு ஏறத்தாழ 0.82. இப்போது தூரத்தில் நிற்கும் ஒரு மானைப் பாருங்கள். அகலம் 30, உயரம் 24. அதே 10 பிக்சல் தள்ளல்தான். படியும் பரப்பு 480, மொத்தம் 960. ஐஓயு 0.5க்கு இறங்கிவிடுகிறது. தவறு ஒன்றே. ஆனால் சிறிய மான் தீர்ப்பின் விளிம்பில் போய் நிற்கிறது. தூரத்து மான்களில் மொடலின் மதிப்பெண் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மொடல் மானைக் காணாமல் விட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

பாஸ்கல் விஓசி போட்டிகளில் ஐஓயு 0.5 இருந்தால் பெட்டி சரி என்று வைத்தார்கள். கோகோ தரவுத்தொகுப்பின் முறையில் 0.50 முதல் 0.95 வரை 0.05 இடைவெளியில் பத்து எல்லைகளை வைத்து, பத்திலும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கிறார்கள். திரையில் `mAP50` என்று வருவது முதல் வகை, `mAP50-95` என்று வருவது இரண்டாவது. இரண்டாவது எப்போதும் முதலாவதை விடக் குறைவாகவோ சமமாகவோதான் இருக்கும். பெட்டி மானின் உடம்போடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதையும் அது சேர்த்து அளக்கிறது. எங்கள் வேலைக்குப் பெட்டி கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. மான் தொட்டிக்கு அருகே வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அதனால் நான் 0.5ஐயே பார்க்கிறேன். ஒரு மானின் உயரத்தைப் படத்திலிருந்து அளக்க நினைப்பவர் 0.75ஐயாவது பார்க்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் உண்மை மானுக்கு ஒரு பெட்டிதான் சரியாக எண்ணப்படும். மொடல் ஒரே மானுக்கு இரண்டு பெட்டி போட்டால், ஸ்கோர் கூடியது சரி, மற்றது பிழை. இரண்டும் மானின் மேல் அழகாகப் பொருந்தியிருந்தாலும் அப்படித்தான்.

பத்து மான், பத்துப் பெட்டி

ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். சோதனைப் படங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 10 மான்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொடல் மான் என்று 10 பெட்டிகளைத் தந்தது. ஸ்கோர் கூடியதிலிருந்து குறைந்தது வரை அடுக்கினால் இப்படி வருகிறது:

```
0.95  சரி
0.91  சரி
0.88  பிழை (நாய்)
0.80  சரி
0.74  சரி
0.63  பிழை (இரட்டைப் பெட்டி)
0.52  சரி
0.41  பிழை (கன்றுக்குட்டி)
0.33  சரி
0.18  பிழை (குப்பைப் பை)
```

இப்போது ஒரு த்ரெஷோல்டைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே உள்ள பெட்டிகளை எறிந்துவிடுகிறோம். 0.5 என்று வைத்தால் ஏழு பெட்டிகள் மிஞ்சும், அவற்றில் ஐந்து சரி. மொடல் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பது பிரிசிஷன்: 5/7, ஏறத்தாழ 0.71. இருந்ததில் எவ்வளவைக் கண்டுபிடித்தது என்பது ரீகால்: 5/10, அதாவது 0.5. த்ரெஷோல்டை 0.3க்கு இறக்கினால் ஒன்பது பெட்டி, ஆறு சரி. பிரிசிஷன் 0.67, ரீகால் 0.6. 0.7க்கு ஏற்றினால் ஐந்து பெட்டி, நான்கு சரி. பிரிசிஷன் 0.8, ரீகால் 0.4.

ரீகால் ஒரு திசையில்தான் நகரும். த்ரெஷோல்டை இறக்க இறக்க அது ஏறும், அல்லது அப்படியே நிற்கும். பிரிசிஷன் அப்படியல்ல. 0.88இல் அது 2/3க்கு விழுந்து, 0.74இல் 4/5க்கு மீண்டும் ஏறுகிறது. பிரிசிஷன் வேண்டுமென்றால் த்ரெஷோல்டை ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அது சரி. ஆனால் உறுதியோடு பிழை சொல்லும் மொடலில், நாயை 0.88 ஸ்கோரோடு மான் என்று சொல்லும் மொடலில், த்ரெஷோல்டை 0.88க்கு மேல் ஏற்றினால்தான் அந்த நாய் போகும், அதோடு பெரும்பாலான மான்களும் போய்விடும். அதற்கு மருந்து நாய்ப் படங்களைப் பயிற்சியில் கூட்டுவதுதான்.

ஒவ்வொரு த்ரெஷோல்டுக்கும் ஒரு பிரிசிஷன், ஒரு ரீகால் என்றால், மொடலுக்கு ஒற்றை மதிப்பெண் எப்படிக் கொடுப்பது? அதற்குத்தான் ஏபி என்னும் சராசரிப் பிரிசிஷன். ரீகால் 0.1ஐ எட்டும்போது பிரிசிஷன் என்ன, 0.2ஐ எட்டும்போது என்ன என்று கேட்டுக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு இடத்திலும், அந்த ரீகாலிலோ அதற்கு அப்பாலோ கிடைக்கும் மிக உயர்ந்த பிரிசிஷனை எடுத்துக்கொள்கிறோம். மேலே உள்ள பட்டியலில் அவை 1, 1, 0.8, 0.8, 0.714, 0.667. மிச்ச நான்கு மான்களை மொடல் எந்த ஸ்கோரிலும் காணவில்லை, ஆகவே அங்கே நான்கு பூச்சியங்கள். கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.498. மான் வகைக்கு இந்த மொடலின் ஏபி ஏறத்தாழ 0.5. மாட்டுக்கும் நாய்க்கும் இதையே செய்து, மூன்றின் சராசரியை எடுத்தால் எம்ஏபி. விஓசி 2007இல் ரீகாலை 11 புள்ளிகளில் மட்டும் பார்த்தார்கள், 2010 முதல் பிரிசிஷன்-ரீகால் வளைகோட்டின் கீழுள்ள முழுப் பரப்பையும் எடுத்தார்கள், கோகோவில் 101 புள்ளிகள். ஒரே மொடலுக்கு இரண்டு மென்பொருள்கள் சற்று வேறுபட்ட எண்களைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நான்கு பூச்சியங்களை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். த்ரெஷோல்டை எவ்வளவு இறக்கினாலும் ரீகால் 0.6ஐத் தாண்டாது. காணாமல் போன அந்த மான்கள் எங்கே? படங்களைத் திறந்து பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது. மான்கள் கூட்டமாக வரும். ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டி நிற்கும்போது இரண்டின் பெட்டிகளும் பெரும்பாலும் ஒன்றன் மேல் ஒன்று விழும். இரட்டைப் பெட்டிகளை நீக்குவதற்காக மொடலுக்குப் பிறகு ஓடும் என்எம்எஸ் என்ற படி, பின்னால் நிற்கும் மானின் பெட்டியையும் இரட்டை என்று நினைத்து நீக்கிவிடும். மொடல் மானைக் கண்டிருக்கிறது, வடிகட்டியில் அது தொலைந்திருக்கிறது. அப்போது மாற்ற வேண்டியது என்எம்எஸ்ஸின் `iou` எல்லை. கூடுதல் பயிற்சி அங்கே உதவாது.

எம்ஏபி சொல்லாதது

மொடல்களை ஒப்பிட எம்ஏபி நல்ல கருவி. எல்லாத் த்ரெஷோல்டுகளையும் ஒன்றாகப் பார்ப்பதால், ஒருவர் வசதியான த்ரெஷோல்டைத் தேடி எடுத்துத் தன் மொடலை உயர்த்திக் காட்ட முடியாது. ஆனால் கடைப் பின்பக்கத்தில் மொடல் எல்லாத் த்ரெஷோல்டுகளிலும் ஓடுவதில்லை. ஒன்றில்தான் ஓடுகிறது.

வகைகளின் சராசரி என்பதும் மறைக்கும். ஒரு மொடலுக்கு மான் 0.50, மாடு 0.80, நாய் 0.65 என்றால் எம்ஏபி 0.65. இன்னொன்றுக்கு மான் 0.60, மாடு 0.66, நாய் 0.60 என்றால் 0.62. பட்டியலில் முதல் மொடல் மேலே நிற்கும். எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

நான் பயன்படுத்தும் அல்ட்ராலிட்டிக்ஸ் யோலோவில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. `yolo val` ஓட்டினால் முடிவில் `P`, `R`, `mAP50`, `mAP50-95` என்று நான்கு நிரல்கள் வரும். மதிப்பிடும்போது அது `conf=0.001` வரை இறங்கி எல்லாப் பெட்டிகளையும் எடுக்கிறது. ஏபி வளைகோட்டின் வால் பகுதி வேண்டும் என்பதால் அது சரியான செயல். `conf=0.5` என்று கொடுத்து மதிப்பிட்டால் வால் வெட்டுப்படும். மேலே உள்ள கணக்கில் 0.33இல் கிடைத்த ஆறாவது மான் போய்விடும், ஏபி 0.498இலிருந்து 0.431க்கு விழும். மொடல் மாறவில்லை, அளவுகோலை நாம் வெட்டிவிட்டோம். அதே நேரம் `P`, `R` நிரல்களில் உள்ள எண்கள் எஃப்1 உச்சத்தில் இருக்கும் கொன்ஃபிடென்ஸில் எடுக்கப்பட்டவை. `yolo predict` ஓடும்போதோ இயல்பாக `conf=0.25` இருக்கும். ஆக, அட்டவணையில் பார்த்த பிரிசிஷனும் ரீகாலும் கமராவில் ஓடும் மொடலுடையவை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அவை வேறொரு த்ரெஷோல்டில் எடுக்கப்பட்டவை.

எஃப்1 என்பது பிரிசிஷனையும் ரீகாலையும் சமமாக மதித்து ஒன்றாக்கும் எண். எங்கள் பத்து மான் கணக்கில் அது 0.7இல் 0.53, 0.5இல் 0.59, 0.3இல் 0.63. ஆகவே 0.3ஐத் தேர்ந்தெடு என்று அது சொல்லும். ஆனால் பொய் மணி ஒன்றும் தவறவிட்ட மான் ஒன்றும் சம இழப்பு என்று யார் சொன்னது? அந்தத் தீர்மானத்தை ஒரு சூத்திரத்திடம் விட எனக்கு மனமில்லை. அதை எடுக்க வேண்டியவர் மணி கேட்டு எழுந்து போகும் மனிதர்.

வெற்றுக் காட்சிகளின் பாரம்

இனி அண்ணரின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

கமரா 10 செக்கனுக்கு ஒரு படம் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 8640 படங்கள். மான் அந்தத் தொட்டிப் பக்கம் வருவது கொஞ்ச நேரம்தான். 100 படங்களில் மான் இருக்கிறது என்போம். மிச்சம் 8540 படங்களில் மான் இல்லை. வெறும் தொட்டி, காகம், நாய், காற்றில் அசையும் பை.

மொடல் மான் உள்ள படங்களில் நூற்றுக்கு 80ஐப் பிடிக்கிறது, மான் இல்லாத படங்களில் நூற்றுக்கு ஒன்றில் பிழையாகப் பெட்டி போடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்த மொடலை, மான் உள்ள 100 படமும் இல்லாத 100 படமும் கொண்ட சோதனைத் தொகுப்பில் அளந்தால் 80 சரி, 1 பிழை. பிரிசிஷன் 0.99. யாருக்கும் மகிழ்ச்சி தரும் எண். அதே மொடலை, எதையும் மாற்றாமல், கடைப் பின்பக்கத்தில் ஒரு நாள் ஓட்டினால் 80 சரி, 85 பிழை. பிரிசிஷன் 0.48. மணி அடிக்கும் இரண்டு தரத்தில் ஒரு தரத்துக்கு மேல் பொய்.

ரீகால் மாறவில்லை. அது மான் உள்ள படங்களை மட்டுமே பார்க்கிறது. பிரிசிஷன் அப்படியல்ல, மான் எவ்வளவு அரிதாக வருகிறது என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. சோதனைத் தொகுப்பில் மான் நிறைந்திருந்தால் பிரிசிஷன் ஊதிப்போகும். நாம் படம் சேர்க்கும்போது மான் இருக்கும் இடங்களைத் தேடிப் போய்த்தானே சேர்க்கிறோம்? வெறும் தொட்டியை யாரும் படம் பிடித்து வைப்பதில்லை. இப்படித்தான் தொகுப்பு இயல்பாகவே கோணலாகிறது, எம்ஏபியும் சேர்ந்து ஊதுகிறது.

அதனால் இப்படியான வேலைகளில் நான் பிரிசிஷனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை பொய் மணி என்பதை நேரடியாக எண்ணுகிறேன். அண்ணர் கேட்டதும் அதுதான். அவருக்குப் புரியும் அலகும் அதுதான்.

த்ரெஷோல்டைத் தேர்ந்தெடுத்த விதம்

முதல் வேலை, எண்ண வேண்டிய அலகை மாற்றுவது. அண்ணருக்கு ஒரு படத்தில் மான் தெரிந்ததா என்பது பொருட்டில்லை. மான் வந்து நின்ற அந்த ஒரு வருகையில் மணி அடித்ததா என்பதுதான் பொருட்டு. ஒரு வருகை சில நிமிடம் நீடிக்கும், அதற்குள் பல படங்கள் எடுபடும். ஒரு படத்தில் தவறவிட்டாலும் அடுத்ததில் பிடிக்கலாம். ஒரு படத்துக்கு ரீகால் 0.5 என்றாலும், ஐந்து படங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால் ஐந்திலும் தவறும் வாய்ப்பு 3 சதவீதம்தான். உண்மையில் அவை தொடர்புள்ளவை. தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் மான் ஐந்து படத்திலும் மறைந்தே நிற்கும். ஆகவே அந்த 3 சதவீதத்தை நம்பக் கூடாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆனால் போக்கு நமக்குச் சாதகமானது.

பொய் மணிகளின் குணம் வேறு. காற்றில் எழும்பிய பை ஒரு படத்தில் மான் போலத் தெரிந்து அடுத்ததில் மறையும். ஆகவே அடுத்தடுத்த ஐந்து படங்களில் மூன்றிலாவது மான் தெரிந்தால்தான் மணி என்று வைத்தோம். இதற்கு வசதியான வழி ஒன்று உண்டு. ஐந்து படங்களின் மிக உயர்ந்த மான் ஸ்கோர்களை அடுக்கி, மூன்றாவதை அந்த ஐந்து படத் துண்டின் ஸ்கோராக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஸ்கோர் த்ரெஷோல்டைத் தாண்டினால் மூன்று படங்கள் தாண்டின என்றுதானே பொருள்? படத்துக்குப் போட்ட கணக்கையே துண்டுக்கும் போடலாம்.

அடுத்து, கமராவைச் சில நாட்கள் மணி இல்லாமல் ஓடவிட்டு, 0.05க்கு மேற்பட்ட எல்லாவற்றையும் சேமித்தோம். எல்லாப் படங்களையும் லேபிள் செய்ய வேண்டியதில்லை. பொய் மணிகளை எண்ண, மொடல் பெட்டி போட்ட துண்டுகளை ஸ்கோர் கூடியதிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, மானா இல்லையா என்று குறித்தால் போதும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே நாயின் வேலை என்றால் அவற்றை ஒரு பொய் மணியாகச் சேர்த்து, அவற்றில் கூடிய ஸ்கோரை அதற்குக் கொடுத்தோம். ரீகாலுக்கு அந்த வழி செல்லாது. மொடல் காணாத மானை மொடலின் பெட்டிகளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பதிவை வேகமாக ஓட்டி, வருகைகளைக் கண்ணால் குறிக்க வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு அண்ணரிடம் கேட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை பொய் மணியைப் பொறுப்பீர்கள் என்று.

“அஞ்சு வரைக்கும் பரவாயில்லை. அதுக்கு மேல எண்டா நான் போனை சைலன்ற்ல போட்டுடுவன்.”

அவர் சைலன்ற்றில் போட்டால் ரீகால் பூச்சியம். அதை எந்த அட்டவணையும் காட்டாது. ஆகவே ஐந்து என்பதை எல்லையாக வைத்து, அதற்குள் கிடைக்கும் மிகக் கூடிய ரீகாலைத் தேடினோம்:

```python
for i in range(5, 100):
    t = i / 100
    fp_per_day = sum(s >= t for s in false_scores) / days
    recall = sum(s >= t for s in visit_scores) / total_visits
    if fp_per_day <= 5:
        print(t, fp_per_day, recall)
        break
```

`false_scores` என்பது பொய் மணிகளின் ஸ்கோர்கள். `visit_scores` இல் ஒவ்வொரு உண்மை வருகைக்கும் அதன் துண்டுகளில் கூடிய ஸ்கோர் இருக்கும். மொடல் முற்றிலும் காணாத வருகைக்கு அங்கே எண் இருக்காது, ஆனால் `total_visits` இல் அது எண்ணப்பட வேண்டும். த்ரெஷோல்ட் ஏற ஏறப் பொய் மணி குறையும், ரீகாலும் குறையும். எனவே கீழிருந்து ஏறும்போது நிபந்தனை நிறைவேறும் முதல் இடமே மிகக் கூடிய ரீகால் உள்ள இடம். ரீகால் அங்கே போதாது என்றால் த்ரெஷோல்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மொடலைத்தான் திருத்த வேண்டும், அல்லது கமராவின் கோணத்தை.

பகலுக்கும் இரவுக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. இரவில் கமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறும். படம் சாம்பல் நிறமாகிவிடும், மானின் புள்ளிகள் மங்கும், கன்றுக்குட்டிக்கும் பெண்மானுக்கும் உள்ள வித்தியாசம் மொடலுக்குச் சுருங்கிப்போகும். இரண்டையும் கலந்து ஒரே த்ரெஷோல்ட் எடுத்தால், பகலில் தேவையில்லாமல் மான்களைத் தவறவிட்டு, இரவில் அண்ணரை எழுப்பிக்கொண்டே இருப்போம். இரவுக்குக் கூடிய த்ரெஷோல்ட், பகலுக்குக் குறைந்தது என்று இரண்டு வைத்தோம்.

தேர்ந்தெடுத்த த்ரெஷோல்டை, அதைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய அதே பதிவில் சரிபார்க்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு நாம் அதைப் பொருத்தித் தைத்துவிட்டோம். வேறு நாட்களின் பதிவு வேண்டும். பயிற்சிப் படங்களைப் பிரிக்கும்போதும் இதே கவனம் தேவை. 10 செக்கன் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஏறத்தாழ ஒரே படம். அவற்றை எழுந்தமானமாகப் பிரித்து ஒன்றைப் பயிற்சிக்கும் மற்றதைச் சோதனைக்கும் போட்டால், மொடல் பார்த்த மானையே திரும்பப் பார்க்கிறது, எம்ஏபி மிக உயர்ந்து வரும். நாள் வாரியாகப் பிரிப்பதே பாதுகாப்பு.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது ரீகாலின் தசமங்களை நம்புவதிலும் அளவு வேண்டும். 20 வருகைகளில் 16ஐப் பிடித்தால் ரீகால் 0.8. ஆனால் 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 0.58 முதல் 0.92 வரை விரிந்து கிடக்கிறது. இரண்டு மொடல்களில் ஒன்று 16ஐயும் மற்றது 17ஐயும் பிடித்தால், எது நல்லது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்கோர் 0.8 என்றால் 80 சதவீதம் நிச்சயம் என்று பொருள் கொள்வதும் கூடாது. அந்த எண் பெட்டிகளை வரிசைப்படுத்த நம்பத்தக்கது, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மொடலைப் புதிய படங்களோடு திரும்பப் பழக்கினால் வரிசை மேம்படலாம், ஆனால் ஸ்கோர்களின் அளவே முழுதாக இடம் பெயர்ந்துவிடலாம். பழைய மொடலில் 0.42 தந்த அமைதியைப் புதியதில் 0.6 தரக்கூடும். எம்ஏபி ஏறிவிட்டது என்று புதிய மொடலைப் பழைய த்ரெஷோல்டோடு மாற்றி வைத்தால், பொய் மணி கூடுகிறதா குறைகிறதா என்பது அதிர்ஷ்டத்தின் கையில். ஒவ்வொரு மொடலுக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போதும் அப்படித்தான். இரவில் கமராவுக்கு முன்னால் விழும் மழைத்துளிகள் அகச்சிவப்பு ஒளியில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அவற்றைப் பார்த்திராத மொடல் என்ன செய்யும் என்பதற்குக் கோடைகாலப் பதிவில் விடை இல்லை.

மான்களை எண்ணுவதற்கு வேறு த்ரெஷோல்ட்

இதே மொடலை வைத்து மான்களின் எண்ணிக்கையைப் பதிவு செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம், ஆனால் மணிக்கு வைத்த த்ரெஷோல்ட் அதற்குப் பொருந்தாது. எண்ணும்போது ஒவ்வொரு பெட்டியும் சரியா என்பது முக்கியமில்லை, கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும். பொய்ப் பெட்டிகளின் எண்ணிக்கையும் தவறவிட்ட மான்களின் எண்ணிக்கையும் சமமாகும் இடத்தில் கூட்டுத்தொகை சரியாகும். அந்த இடத்தில் பிரிசிஷனும் ரீகாலும் ஒன்றாகவே இருக்கும். எங்கள் பத்து மான் பட்டியலில் த்ரெஷோல்டை 0.1க்கு இறக்குங்கள். பத்துப் பெட்டி, பத்து மான். எண்ணிக்கை மிகச் சரி. அதில் நான்கு பெட்டி பிழை, நான்கு மான் காணப்படவில்லை.

இந்தச் சமநிலை, அளந்த அந்தக் காட்சிகளுக்கு மட்டுமே உரியது. நாய்கள் அதிகம் வரும் நாளில் பொய்ப் பெட்டி கூடும், எண்ணிக்கை மேலே போகும். மான்கள் நெருங்கிக் கூட்டமாக வரும் நாளில் என்எம்எஸ் பின்னால் நிற்பவற்றை விழுங்கும், எண்ணிக்கை கீழே வரும். இரண்டு மாதங்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு மான் குறைந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்வதற்கு முன், இரண்டு மாதங்களிலும் சில நாட்களை எடுத்துக் கையால் எண்ணி, அந்தச் சமநிலை இன்னும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறோம்.